வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏன் தருவதில்லை? மருந்து ஜன்னலில் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் நான். மழைக்காலம் தொடங்கினால் சீட்டை நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள்: "டாக்டர் வெறும் காய்ச்சல் மாத்திரைதான் எழுதியிருக்காரு, நீங்களாவது நல்ல மாத்திரை ஒண்ணு சேர்த்துக் குடுங்க." வரிசை நீளமாக இருக்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, டாக்டரிடமும் சரிபார்த்து, பதிலோடு இங்கே சேர்த்திருக்கிறேன்.

வைரல் ஃபீவர்னு சொல்றாங்களே, அது என்ன காய்ச்சல்?

வைரஸ் என்ற மிகச் சிறிய கிருமியால் வரும் காய்ச்சல். சளிக் காய்ச்சல், ஃப்ளூ, டெங்கு, கொரோனா எல்லாம் இந்த வகைதான். நம் பக்கம் மழையிலும் பனியிலும் வருவதில் பெரும்பாலானது சளியோடு வரும் காய்ச்சல். முதல் நாள் உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு. அடுத்து காய்ச்சல், மூக்கு ஒழுகுதல், இருமல். காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாள் இருக்கும். சிலருக்கு ஒரு வாரம் வரை இழுக்கும். இருமல் மட்டும் அதற்குப் பிறகும் தங்கும்.

இந்த நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பல பதில்கள் அதை வைத்துத்தான்.

ஆன்டிபயாடிக் கிருமியக் கொல்ற மருந்துதானே? வைரஸ் மட்டும் எப்படித் தப்பிக்குது?

பாக்டீரியா தனக்கென்று ஓர் உடம்பு உள்ள உயிர். அதைச் சுற்றி ஒரு சுவர் உண்டு, உள்ளே புரதம் தயாரிக்கும் உறுப்புகள் உண்டு. அமாக்சிசிலின், செஃபிக்சைம் போன்ற மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன. அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் புரதம் தயாரிக்கும் இடத்தை அடைக்கின்றன. நம் உடம்பின் செல்களுக்கு அப்படிப்பட்ட சுவர் கிடையாது, புரதம் தயாரிக்கும் உறுப்பும் வேறு அமைப்பு. அதனால்தான் மருந்து பாக்டீரியாவைத் தாக்கி நம்மை விட்டுவிடுகிறது.

வைரஸிடம் இந்த இரண்டுமே இல்லை. நம் செல்லுக்குள் நுழைந்து, நம்முடைய உறுப்புகளையே பயன்படுத்தித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஆன்டிபயாடிக் போய் அடிக்க அங்கே இடமே இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கொப்புள நோய்க்கு அடிக்கிற காப்பர் மருந்தைச் செஞ்சிலந்தி விழுந்த செடிக்கு எத்தனை டேங்க் அடித்தாலும் சிலந்தி போகாது. மருந்தில் பவர் குறைவு என்று அர்த்தமில்லை, அது வேறு நோய்க்கான மருந்து.

போன தடவை கடையில மூணு நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்னுபோச்சே?

அந்த மூன்று நாளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். திங்கள்கிழமை காய்ச்சல் ஆரம்பிக்கிறது. முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் வீட்டில் இருந்த காய்ச்சல் மாத்திரை. புதன்கிழமை உடம்பு இன்னும் அடித்துப்போட்டது போல் இருக்கிறது, வேலைக்குப் போகாமல் சம்பளமும் போகிறது. மாலையில் கடைக்குப் போய் அசித்ரோமைசின் மூன்று வாங்குகிறோம். புதன், வியாழன், வெள்ளி என்று போட்டு முடிக்கிறோம். வெள்ளியன்று காய்ச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள். மாத்திரை போடாவிட்டாலும் அன்றைக்குக் குறைய வேண்டிய காய்ச்சல் அது. அதே வீட்டில் பையனுக்கும் இரண்டு நாள் கழித்து அதே காய்ச்சல் வந்திருக்கும். அவனுக்குச் சிரப் மட்டும் கொடுத்திருப்பீர்கள், அவனும் ஐந்து நாளில் பள்ளிக்கூடம் போயிருப்பான். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் மாத்திரை வாங்குகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே, அந்தப் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

அப்போ வெறும் பாராசிட்டமால்தானா? எத்தனை போடலாம்?

பாராசிட்டமால் வைரஸைக் கொல்லாது. காய்ச்சலையும் வலியையும் குறைத்து, உடம்பு தானே எதிர்த்து முடிக்கும் வரை நம்மைச் சாப்பிடவும் தூங்கவும் விடுகிறது. பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாலு மணி நேரத்துக்குள் அடுத்ததைப் போடக் கூடாது. எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 3 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். குளிருக்கு பிராந்தி ஒரு மூடி நல்லது என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே நிறைய. காய்ச்சல் நேரத்தில் அந்த ஒரு மூடியும் வேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஜலதோஷ மாத்திரை என்று கடையில் வாங்குவதில் பெரும்பாலானவற்றில் பாராசிட்டமால் ஏற்கனவே கலந்திருக்கிறது. அதையும் போட்டு, தனியாகக் காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், படிக்க முடியாவிட்டால் ஜன்னலுக்கு எடுத்து வாருங்கள்.

உடம்பு வலி தாங்கவில்லை என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகப் போட வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் இவை ரத்தக் கசிவைக் கூட்டும். இங்கே குளிரில் ஏது டெங்கு என்று சொல்லாதீர்கள். கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்வருகிறவர்கள் இல்லாத வீடு எது? கீழே கடித்த கொசுவின் காய்ச்சல் மேலே வந்து தெரியும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் எப்போதுமே கூடாது.

குழந்தைக்கு சிரப் எத்தனை எம்.எல். குடுக்கணும்? ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு அளவு சொல்றாங்க

வயதை வைத்து அளக்காதீர்கள், எடையை வைத்து அளங்கள். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்கு. குழந்தை 12 கிலோ என்றால் 180 மில்லிகிராம். இப்போது பாட்டிலைப் பாருங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஏழரை மில்லி. 5 மில்லியில் 250 என்று போட்டிருந்தால் மூன்றரை மில்லி போதும். இரண்டு பாட்டிலும் ஒரே நிறத்தில் இருக்கும். 120-க்கான ஏழரை மில்லியை 250 பாட்டிலில் எடுத்து ஊற்றினால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். சமையல் ஸ்பூனில் அளக்காமல் பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். இருமல் சிரப், சளி சிரப் எதையும் ஐந்து வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், இந்தக் கணக்கெல்லாம் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

காய்ச்சல் ஏறினா ஜன்னி வந்துடாதா? அதுக்காவது பவரான மருந்து வேணாமா?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. ஆன்டிபயாடிக் கொடுத்து அதைத் தடுக்க முடியாது. வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தக் குளிர்ல கம்பளி போர்த்தணுமா, வேண்டாமா? குளிக்கலாமா?

குளிர் நடுக்கம் இருக்கும்போது போர்த்துங்கள். நடுக்கம் நின்று உடம்பு சுட ஆரம்பித்ததும் கம்பளியை எடுத்துவிட்டு ஒரு சாதாரண உடுப்பு, ஒரு போர்வை போதும். ஸ்வெட்டர், குல்லா, அதன் மேல் ரெண்டு கம்பளி என்று குழந்தையை மூட்டை கட்டிக் கொண்டுவருகிறார்கள். அவிழ்த்துப் பார்த்தால் காய்ச்சலின் சூட்டோடு கம்பளிச் சூடும் சேர்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைக்கலாம், சீக்கிரமாகக் குளிக்கவும் செய்யலாம். பச்சைத் தண்ணீர் ஒத்தடம் இந்த ஊருக்கு வேண்டாம், நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும்.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

சாப்பாடே இறங்க மாட்டேங்குது, என்ன குடுக்கறது?

சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. இங்கே குளிரில் தாகம் தெரியாது. அதனால் காய்ச்சல்காரர் காலையிலிருந்து அரை டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பார், மாலையில் தலைசுற்றல் என்று தூக்கி வருவார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் ஏதாவது ஒரு வடிவில் போக வேண்டும். கஞ்சித் தண்ணீர், ரசம், மோர், சுக்குக் காபி, எது இறங்குகிறதோ அது. இளநீர் நல்லதுதான், ஆனால் கீழேயிருந்து ஏறி வந்த விலைக்கு அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சி போதும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இங்கேயே இலவசமாகக் கிடைக்கும். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கலக்கினால் உப்பின் அளவு தப்பிவிடும்.

போதுமான தண்ணீர் போகிறதா என்று சிறுநீரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வெளிர் நிறத்தில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும்.

இருமலுக்குத் தேன் நல்லது, அரை ஸ்பூன், தூங்கும் முன். ஒரு வயது முடியாத குழந்தைக்கு மட்டும் தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது.

சளி பச்சையா வருது. அப்போ இன்ஃபெக்‌ஷன்தானே?

மூக்குச்சளி முதல் இரண்டு நாள் தண்ணீராக இருந்து, பிறகு கெட்டியாகி, மஞ்சளாகி, பச்சையாவது வைரஸ் சளியிலும் நடக்கும். எதிர்க்க வந்த வெள்ளை அணுக்களில் இயற்கையாகவே ஒரு பச்சை நிறப் பொருள் உண்டு. அவை சளியில் நிறையச் சேரும்போது அந்த நிறம் தெரிகிறது. நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுக்க முடியாது. நிறத்தோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் ஒரு பக்கம் குத்தினாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி வந்தாலோ அது வேறு விஷயம்.

தொண்டை வலிச்சு எச்சில்கூட முழுங்க முடியல, அதுக்கும் வேண்டாமா?

தொண்டை வலியோடு மூக்கு ஒழுகுதல், இருமல், குரல் கம்மல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், பாராசிட்டமால் போடுங்கள். இருமலே இல்லாமல், நல்ல காய்ச்சலோடு, டான்சிலில் வெள்ளையாகச் சீழ் படிந்து, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் வயதில் இது அதிகம். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுவார்.

ஒரு ஊசி போட்டா உடனே கேக்குமே?

காய்ச்சலுக்குப் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது அதே பாராசிட்டமால்தான். வாந்தி எடுத்து மாத்திரை நிற்காதவருக்கு அது பயன்படும். மாத்திரை விழுங்க முடிகிறவருக்கு ஊசியால் வைரஸ் ஒரு நாள்கூட முன்னதாகப் போகாது.

டவுன் கடையில செட் மாத்திரை குடுத்தாங்க, ரெண்டு வேளையில எழுந்து உக்காந்துட்டேன். நீங்க அத ஏன் திட்டறீங்க?

அட்டையிலிருந்து வெட்டி, பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் நாலைந்து மாத்திரைதான் செட். அதில் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு வலி மாத்திரை, ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். பல செட்களில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். உங்களை எழுப்பி உட்கார வைத்தது அந்தச் சின்ன மாத்திரை. வீக்கத்தையும் வலியையும் காய்ச்சலையும் அது மூடிவைக்கும், நோய் உள்ளே அப்படியே இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை எகிறும். அந்த வலி மாத்திரை டெங்குவில் என்ன செய்யும் என்று பாராசிட்டமால் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆன்டிபயாடிக்கை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. வெட்டிக் கொடுத்தால் அந்தக் கோடு உங்கள் கைக்கு வராது. முழு அட்டையாகக் கேளுங்கள்.

சளி நெஞ்சுக்கு இறங்காம இருக்க முன்கூட்டியே போட்டுக்கிட்டா என்ன?

முன்கூட்டிப் போடுவதால் நிமோனியா வராமல் தடுக்க முடியாது. வந்தால்கூட, முதல் மருந்துக்குப் பிழைத்த கிருமியாக வரும். நீங்கள் கவனிக்க வேண்டியது மூச்சை. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முடியாத குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிந்தாலோ உடனே கொண்டுவாருங்கள். அப்போது ஆன்டிபயாடிக் கொடுக்க டாக்டர் தயங்க மாட்டார்.

ரத்த டெஸ்ட் எடுத்தா வைரலா இல்லையான்னு தெரிஞ்சுடுமே, ஏன் முதல் நாளே எடுக்கறதில்ல?

முதல் நாள் ரத்தத்தில் பார்க்க அதிகம் ஒன்றும் இருக்காது. எந்த டெஸ்டுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. டெங்குவுக்கான என்.எஸ்.1 முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் காட்டும், அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற வேறு டெஸ்ட். வெள்ளை அணு, தட்டணு எண்ணிக்கை மூன்றாம் நாளுக்கு மேல்தான் பேசும். அதனால்தான் மூன்று நாள் தாண்டினால் வாருங்கள் என்று சொல்கிறோம், தட்டிக்கழிக்க அல்ல. முதல் நாளிலேயே எடுக்க வேண்டிய நிலை இருந்தால் டாக்டர் எழுதுவார்.

அப்போ எப்போ ஓடி வரணும்?

காய்ச்சல் மூன்று நாள் முடிந்தும் குறையும் வழியைக் காணோம் என்றால் வாருங்கள். நாள் கணக்குப் பார்க்காமல் உடனே வர வேண்டியவை வேறு: மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம் அல்லது பிதற்றல், கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ மலத்திலோ ரத்தம், அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள் முதல் நாளே காட்டிவிடுவது நல்லது.

டெங்குவில் ஒரு சூழ்ச்சி உண்டு. நாலாம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. காய்ச்சல் இறங்கியும் கை கால் சில்லிட்டு, வயிறு வலித்து, ஆள் துவண்டு போனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரவில் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வளைவுச் சாலையில் வண்டி வர நேரம் எடுக்கும், அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆறு நாளாச்சு, இன்னும் காய்ச்சல். அப்பவும் வைரல்னுதான் சொல்வீங்களா?

மாட்டோம். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலை வைரல் என்று சொல்லி விடக் கூடாது, அதுவும் புதரும் தோட்டமும் உள்ள நம் ஊரில். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கடித்தது தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. கடித்து ஒன்று முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலி. ஆரம்பத்தில் பார்த்தால் வைரஸ் காய்ச்சலுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு கருப்புப் பொருக்கு வரும், சிகரெட்டால் சுட்டது போல, சுற்றிலும் சிவப்பு வளையத்தோடு. அது வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்பின் கீழ் என்று மறைவான இடத்தில் இருக்கும். ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் கடையில் செஃபிக்சைம் வாங்கி ஐந்து நாள் போடுகிறார், காய்ச்சல் விடவில்லை. ஏழாம் நாள் வருகிறார். நர்ஸ் தனியாக அழைத்துப் போய்ப் பார்க்கும்போது இடுப்பு மடிப்பில் பொருக்கு இருக்கிறது. அவருக்கே அது தெரியாது. டாக்சிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். செஃபிக்சைம் சுவரைத் தாக்கும் மருந்து, இந்தக் கிருமியோ நம் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது, அதற்கு அந்த மருந்து கேட்காது. ஐந்து நாள் வீணானதுதான் மிச்சம். இரண்டாம் வாரத்தில் இது நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவக் கூடியது. பொருக்கு இல்லாமலும் வரும், அதனால் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அவருக்கு எந்தக் கிருமி என்று பார்த்து, அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். டாக்சிசைக்ளின் நல்ல மருந்து என்று இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் வாங்கிவிடாதீர்கள். டைபாய்டு, எலிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று எல்லாமும் இதே ஆறாம் நாளில் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தோட்டத்திலிருந்து வந்ததும் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பதும், புல் மேல் துணியை உலர்த்தாமல் இருப்பதும் உண்ணிக்கடியைக் குறைக்கும்.

ஒரே ஒரு தடவை தேவையில்லாம சாப்பிட்டா என்ன ஆயிடப்போகுது?

சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, அபூர்வமாகச் சிலருக்கு உயிரையே மிரட்டும் ஒவ்வாமை. இதெல்லாம் அன்றைக்கே தெரிபவை. தெரியாமல் நடப்பது குடலில். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கின்றன. மருந்து போனதும் அதற்குச் சாகிறவை செத்து, தாங்குகிறவை அந்த இடத்தில் பெருகும். மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

இது எங்கே வந்து கடிக்கும் என்றால், தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பறிக்கும் இடத்தில் கழிப்பறை இல்லை, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை, அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது. அதை உண்டாக்குவது பெரும்பாலும் அதே குடல் பாக்டீரியா. சளிக்காகப் போட்ட மாத்திரைகளில் பழகிய கிருமி என்றால் சாதாரண மாத்திரைக்குக் கேட்காது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட், பிறகு ஊட்டியில் சேர்ந்து நரம்பில் ஊசி. சளிக்குப் போட்ட மாத்திரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சம்பந்தம் இதுதான்.

ஏற்கனவே ரெண்டு மாத்திரை போட்டுட்டேன். நிறுத்தணுமா, முடிக்கணுமா?

அட்டையோடு வந்து காட்டுங்கள். மறைக்காதீர்கள், யாரும் திட்டப்போவதில்லை. டைபாய்டு சந்தேகத்தில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பும்போது, நீங்கள் போட்ட இரண்டு மாத்திரையே கிருமியை வளரவிடாமல் செய்து ரிசல்ட்டைப் பொய்யாக்கும். டாக்டருக்குத் தெரிந்தால் அதற்கேற்ப முடிவெடுப்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் என்றால் அவர் சொன்ன நாள் வரை போடுங்கள். வீட்டில் மிச்சம் இருப்பதை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

வைரஸுக்கு மருந்தே கண்டுபிடிக்கலயா?

சிலதற்கு உண்டு. ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கர்ப்பிணிகள், வயதானவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள், மூச்சு வாங்குகிறவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பார். மற்றவர்களுக்குக் காய்ச்சல் ஒரு நாள் முன்னதாக விடும், அவ்வளவுதான். சாதாரணச் சளிக்கும் டெங்குவுக்கும் அப்படி ஒரு மாத்திரை இல்லை.

வைரஸை வராமல் தடுப்பதில்தான் மருத்துவம் அதிகம் ஜெயித்திருக்கிறது. குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையம் 1907-இல் தொடங்கியதே வெறிநாய்க்கடிக்கான ஊசிக்காகத்தான். அதுவும் ஒரு வைரஸ்தான், நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் எந்த மாத்திரையும் காப்பாற்றாது, கடித்தவுடன் போடும் தடுப்பூசிதான் காப்பாற்றும். ஃப்ளூவுக்கும் தடுப்பூசி உண்டு, வருடத்துக்கு ஒருமுறை. வயதானவர்கள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் விட்டுடுச்சு, இருமல் மட்டும் போகல. எப்போ வேலைக்குப் போகலாம்? இருமலுக்காவது ஆன்டிபயாடிக் வேணுமா?

மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாவிட்டால் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகலாம். முதல் இரண்டு நாள் மழையில் நனையாத வேலையாகக் கேட்டுப் பாருங்கள். இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது வழக்கம்தான். மூச்சுக்குழாயின் உள்தோல் ஆற எடுக்கும் நேரம் அது, அங்கே கொல்ல வேண்டிய கிருமி எதுவும் மிச்சமில்லை. விறகடுப்புப் புகையும் பீடியும் அதை இன்னும் நீட்டிக்கும்.

ஆனால் இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியை டெஸ்டுக்குக் கொடுத்துவிடுங்கள். காசநோயா என்று பார்ப்பதற்கு, இலவசம்தான். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் போதாது. அந்த நேரத்தில் கடையில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள். காசநோய்க் கிருமியை அது பாதி அடக்கி, டெஸ்டில் தெரியாமல் செய்துவிடும். டப்பா இங்கேயே கிடைக்கும், முதல் நாள் வாங்கிப் போய் மறுநாள் காலையில் கொண்டு வந்தால் போதும்.